கைப்பேசியில் படிக்கப்படும் தொடர்கதை: அத்தியாய நீளமும் காட்சி இடைவெளியும் – ஒரு முழுமையான வழிகாட்டி

கோத்தகிரி பஸ் நிலையத்தில் ஒரு பிற்பகல், எதிர்வீட்டு அக்கா என் தொடர்கதையின் பதினோராம் அத்தியாயத்தைக் கைப்பேசியில் படித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நீலகிரிக் குளிரில் எல்லோர் முகமும் சால்வைக்குள்தான் இருக்கும். அதனால் அவருடைய கட்டைவிரலைப் பார்த்தேன். அது சீராக மேலே தள்ளிக்கொண்டே போயிற்று. மூன்று நட்சத்திரக் குறி போட்டு நான் காட்சியை மாற்றிய இடம் வந்தது. விரல் நின்றது. பிறகு எதிர்த்திசையில் திரும்பி, ஏற்கெனவே படித்த இரண்டு திரைகளை மறுபடி இழுத்துப் பார்த்தது. "தம்பி, இந்த அத்தை யாருடைய அத்தை?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. கைப்பேசி பைக்குள் போயிற்று. அந்த அத்தியாயத்தை அவர் அதற்குப் பிறகு திறக்கவே இல்லை என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த அத்தியாயத்தில் 2,640 சொற்கள், ஆறு காட்சிகள், ஐந்து இடைவெளிகள் இருந்தன. நீளம்தான் தவறு என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது: நீளம் பாதிக் குற்றவாளி, இடைவெளிகள் மீதிப் பாதி. அதை எப்படித் திருத்தினேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: உங்கள் வாசகர் எத்தனை நிமிடம் உட்காருகிறார்?

அத்தியாயத்துக்கு எத்தனை சொல் என்று யாரைக் கேட்டாலும் ஒரு எண் கிடைக்கும். அந்த எண்ணை நம்பாதீர்கள். சொல் கணக்குக்கு முன்னால் நிமிடக் கணக்கு வேண்டும். "ஒரு நாளில் எவ்வளவு நேரம் படிப்பீர்கள்?" என்று கேட்டால் எல்லோரும் அரை மணி நேரம் என்பார்கள்; அது ஆசை, கணக்கு அல்ல. நான் பத்துப் பன்னிரண்டு பேரிடம் வேறு மாதிரிக் கேட்டேன்: "கடைசியாகப் படித்தபோது எங்கே இருந்தீர்கள்? எதனால் நிறுத்தினீர்கள்?"

மலைப்பாதை பஸ் பயணத்தில்தான் படிப்பார்கள் என்பது என் ஊகமாக இருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, அவ்வளவு நேரமும் என் கதைக்குத்தான் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை. வளைவுகளில் திரையைக் குனிந்து பார்த்தால் வயிற்றைப் புரட்டும் என்பது மலையில் பிறந்த எனக்கு ஏன் உறைக்கவில்லையோ! அவர்கள் படித்தது பஸ்ஸுக்காகக் காத்திருக்கும்போது. பச்சைத் தேயிலையை எடை போடும் கொட்டகையில் தன் முறை வரும்வரை. மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒருவர் தேநீர் இடைவேளையில். இரவு அடுப்பை அணைத்த பிறகு, தூக்கம் வரும்வரை. நிறுத்தியதற்குக் காரணம் ஒருவருக்கும் "அத்தியாயம் முடிந்தது" அல்ல. பஸ் வந்தது, பெயரைக் கூப்பிட்டார்கள், பிள்ளை அழுதது. இப்படிக் கிடைத்த நேரம் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு நிமிடம். இரவு வாசகர்களுக்கு மட்டும் அதில் இரட்டிப்பு.

இரவு வாசகரை நினைத்து எழுதினால் பகல் வாசகர் கைவிட்டுப் போவார். பகல் வாசகரை நினைத்து எழுதினால் இரவு வாசகர் இரண்டு அத்தியாயம் சேர்த்துப் படிப்பார். ஆகவே குறைந்த நேரத்தையே அளவாகக் கொள்ளுங்கள். என் அளவு ஏழு நிமிடம்.

இன்னொரு சிறு விஷயம். எங்கள் பக்கத்தில் ஒரு வளைவு திரும்பினால் சிக்னல் போய்விடும். அத்தியாயத்தை "அடுத்த பக்கம்" என்று இரண்டாக உடைத்து வைத்தால் இரண்டாவது பாதி திறக்காமலே போகலாம். ஓர் அத்தியாயம் ஒரே பக்கமாக, பெரிய படங்கள் இல்லாமல் இருக்கட்டும்.

இரண்டாம் படி: நிமிடத்தைச் சொல்லாக மாற்றுவது

தமிழில் சொல் கணக்கு ரப்பர் போன்றது. "வந்துகொண்டிருந்தான்" என்று சேர்த்து எழுதினால் ஒரு சொல். "வந்து கொண்டு இருந்தான்" என்று பிரித்தால் மூன்று. பிரித்து எழுதும் பழக்கம் உள்ளவரின் ஆயிரம் சொல்லும் சேர்த்து எழுதுபவரின் ஆயிரம் சொல்லும் ஒன்றல்ல. எழுத்து எண்ணிக்கையும் உதவாது. "கோத்தகிரி" நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. உயிர்க்குறியையும் புள்ளியையும் கணினி தனித்தனியாக எண்ணுவதால் அதற்கு ஒன்பது. ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் சொல்லும் அத்தியாய அளவுகளை அப்படியே எடுத்துக்கொண்டால் வீண். ஒரு சொல்லுக்குள் அவர்களைவிட நாம் அதிகம் அடைக்கிறோம். அதே எண்ணிக்கை நம் வாசகருக்கு அதிக நேரம் எடுக்கும்.

எனவே உங்கள் எழுத்தை வைத்தே உங்கள் வேகத்தைக் கண்டுபிடியுங்கள். ஏற்கெனவே எழுதிய ஓர் அத்தியாயத்தின் சொற்களை எண்ணுங்கள். எழுதும் செயலியே காட்டும். கணினியில் வெறும் உரைக் கோப்பாக இருந்தால் இந்தக் கட்டளை இடைவெளிகளை வைத்து எண்ணித் தரும்:

```
wc -w athiyayam-11.txt
```

பிறகு கதையை முன்பே படித்திராத நான்கைந்து பேரிடம் கொடுத்து, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியிலேயே படிக்க வேண்டும், தாளில் அல்ல. எனக்குக் கிடைத்தது நிமிடத்துக்கு 110 முதல் 160 சொல்வரை. சராசரியை எடுக்காதீர்கள், கீழ்ப்பக்கமாகச் சாயுங்கள். நான் 120 என்று வைத்தேன். ஏழு நிமிடத்துக்கு 840. உரையாடல் அதிகமுள்ள அத்தியாயம் கொஞ்சம் வேகமாக ஓடும், வருணனை மெதுவாகப் போகும். ஆகவே 750 முதல் 950 என்ற எல்லைக்குள் வைத்துக்கொள்கிறேன்.

500 சொல்லுக்குக் கீழே இறங்கிப் பார்த்தேன், நன்றாக வரவில்லை. போன அத்தியாயத்தை நினைவுபடுத்திக்கொண்டு கதைக்குள் நுழைவதற்கே வாசகருக்கு ஒரு நிமிடம் போகிறது. நுழைந்த வேகத்தில் வெளியே தள்ளினால் யாருக்கும் எரிச்சல் வரும். மேல் எல்லை என்று ஒன்று இருந்தால் அது 1,400 சொல் அளவில். அதைத் தாண்டினால் வாசகர் நடுவில்தான் நிறுத்துவார். நடுவில் எங்கே நிறுத்துவார் என்பது அப்போது உங்கள் கையில் இருக்காது.

அளவு ஓரளவு ஒரே சீராக இருக்க வேண்டும். முதல் வாரம் 700, அடுத்த வாரம் 1,900 என்றால், பஸ்ஸுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது திறக்கலாமா வேண்டாமா என்று வாசகருக்குத் தெரியாது. தெரியாதபோது திறக்கமாட்டார்.

மூன்றாம் படி: ஓர் அத்தியாயம், ஒரு திருப்பம்

இங்கே திருப்பம் என்று நான் சொல்வது அதிர்ச்சியை அல்ல. அத்தியாயத்தின் தொடக்கத்தில் ஒருவருக்குத் தெரியாதது முடிவில் தெரிந்திருக்க வேண்டும். அல்லது தொடக்கத்தில் செய்யத் துணியாததை முடிவில் செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி எழுதிப் பாருங்கள்: முன்னால் என்ன நிலை, பின்னால் என்ன நிலை. இரண்டும் ஒன்றாகவே இருந்தால் அது காட்சி அல்ல, காட்சிக்குப் போகும் வழி. வழியைச் சுருக்கலாம்.

என் பதினோராம் அத்தியாயத்தை இப்படிப் பிரித்தேன். செல்வி கோத்தகிரிப் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயி. அண்ணன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருக்கிறாள்.

முதல் காட்சி, விடியலில் மூடுபனிக்குள் கொழுந்து பறிப்பது, 240 சொல். முன்னும் பின்னும் ஒன்றே. பனி மட்டும் விலகுகிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி என்பதைச் சொல்லியாக வேண்டும். இரண்டாவது, எடைக் கொட்டகை, 560. வீட்டுத் தராசில் 42 கிலோ காட்டிய இலை இங்கே 36 என்று குறிக்கப்படுகிறது. ஈரத்துக்குக் கழித்தது என்கிறார் இலையை வாங்கும் ஏஜென்ட். மூன்றாவது, ஏஜென்டின் வீடு, 610. கணக்கு நோட்டில் முன்பணம் என்று ஒரு தொகை, அதன் எதிரே அண்ணனின் கையெழுத்து. எடையில் கழித்தது அதற்காகத்தான். நான்காவது, அப்பா இறந்த நாட்களின் நினைவு, 380. ஐந்தாவது, குன்னூருக்குப் பஸ், வங்கி, பாஸ்புக், 300. அந்தப் பணம் வீட்டுக் கணக்குக்கு வந்ததே இல்லை என்று தெரிகிறது. ஆறாவது, இரவு, அண்ணனோடு மோதல், 550. இது மட்டும் அண்ணன் மகள் மீனாவின் கண் வழியாக.

எண்ணிப் பார்த்தால் திருப்பங்கள் மூன்றுதான். எடை குறைந்ததன் காரணம் தெரிவது ஒன்று. பணம் வீட்டுக்கு வரவில்லை என்று தெரிவது இரண்டு. அது எங்கே போயிற்று என்று அண்ணன் சொல்வது மூன்று. மூன்று திருப்பம் என்றால் மூன்று அத்தியாயம். ஆறு காட்சியை இரண்டு இரண்டாக அடுக்கினாலும் மூன்று அத்தியாயம் கிடைத்திருக்கும். ஆனால் வெட்டு விழும் இடம் தவறியிருக்கும்.

நான்காம் படி: எந்த இடைவெளி உண்மையில் வேண்டும்?

ஒவ்வொரு இடைவெளியும் வாசகரிடம் ஒரு கூலி கேட்கிறது. கட்டிவைத்த அறையை இடித்துவிட்டு வேறொரு அறையைக் கட்டச் சொல்கிறோம்: யார், எங்கே, எப்போது. அச்சுப் புத்தகத்தில் இது எளிது, ஏனென்றால் முந்தைய பக்கமும் கண்ணில் படுகிறது. கைப்பேசியில் ஒரு திரைக்கு எழுபது சொல்கூட வராது. மேலே போனது போனதுதான். 900 சொல் அத்தியாயத்தில் ஓர் இடைவெளி தாங்கும். இரண்டு, வேறு வழியே இல்லாவிட்டால். ஐந்து என்பது அந்த அக்காவின் கட்டைவிரலுக்கு நான் செய்த அநியாயம்.

காலம் தாவினால், இடம் தாவினால், பார்ப்பவர் மாறினால் இடைவெளி போடலாம் என்பது பொதுவான வழக்கம். இந்த மூன்றில் முதல் இரண்டுக்கும் தமிழில் பெரும்பாலும் இடைவெளியே தேவையில்லை. நம் மொழியில் வினையெச்சம் இருக்கிறது. ஓர் ஆளை ஒரே வாக்கியத்தில் மலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தலாம். முதல் காட்சிக்கும் இரண்டாவதற்கும் நடுவில் நான் போட்டிருந்த நட்சத்திரங்களை எடுத்துவிட்டு இப்படி எழுதினேன்:

"மூட்டையைக் கட்டி, தலையில் ஏற்றி, வழுக்கும் படிகளில் பக்கவாட்டில் காலை வைத்து இறங்கி செல்வி கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது, அவளுக்கு முன்னால் ஒன்பது மூட்டைகள் வரிசையில் இருந்தன."

இடம் மாறிவிட்டது, நேரம் போய்விட்டது, பிடியும் விடவில்லை. ஒன்பது மூட்டைகள் என்ற விவரமே புதிய இடத்தில் வாசகரை உட்காரவைத்துவிடுகிறது.

நினைவோட்டத்துக்கு இடைவெளி போடுவது எனக்கு முன்பிருந்த கெட்ட பழக்கம். நினைப்பவர் உடல் ஓரிடத்தில் இருக்கிறதல்லவா? அந்த இடத்தை விடாமலே நினைக்கவிடுங்கள். செல்வி பஸ்ஸில் உட்கார்ந்தபடி அப்பாவின் மருத்துவமனை நாட்களை நினைக்கட்டும். நடத்துநர் டிக்கெட் கேட்டதும் நினைவு அறுபடட்டும்.

பார்ப்பவர் மாறுவது வேறு கதை. அதற்கு இடைவெளி கட்டாயம். என் அனுபவத்தில் இடைவெளிகூடப் போதாது, அத்தியாயமே மாற வேண்டும். காரணம் நம் உறவுச் சொற்கள். செல்வியின் கண்ணில் "அண்ணன்" ஆக இருப்பவர் மீனாவின் கண்ணில் "அப்பா". அதுவரை "செல்வி" என்று நாம் பெயர் சொல்லி அழைத்தவள் மீனாவுக்கு "அத்தை". மூன்று நட்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் ஒரே வீட்டில் எல்லோருடைய பெயரும் மாறிவிட்டால், படிப்பவர் புதிய ஆட்கள் வந்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். "இந்த அத்தை யாருடைய அத்தை?" என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது.

இடைவெளி போட்டே தீர வேண்டும் என்றால், எங்கே? முதல் 150 சொல்லுக்குள் வேண்டாம். வாசகர் இப்போதுதான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்திருக்கிறார். கடைசி 100 சொல்லுக்குள்ளும் வேண்டாம். ஒட்டுத்துணி போல் தொங்கும். சரிபாதியில் வெட்டினால் இரண்டு குட்டி அத்தியாயங்களை ஒட்டியது போல் இருக்கிறது. ஒரு பக்கம் கனமாக இருப்பது நல்லது.

ஐந்தாம் படி: இடைவெளி கண்ணுக்குத் தெரிய வேண்டும்

அச்சில் ஒரு வரி காலியாக விட்டால் போதும். கைப்பேசியில் பெரும்பாலான செயலிகள் ஒவ்வொரு பத்திக்கும் நடுவில் தாமாகவே இடம் விடுகின்றன. நீங்கள் விட்ட காலி வரி அதில் கரைந்துவிடும், அல்லது செயலியே அதை நீக்கிவிடும். ஆகவே ஒரு குறி வேண்டும். நான் பயன்படுத்துவது இது:

```
* * *
```

சில இடங்களில் இது தானாகவே ஒரு மெல்லிய கோடாக மாறும். பரவாயில்லை, வேலை நடந்தால் சரி. ஆனால் `---` என்று போடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இப்படிப்பட்ட குறிகளைத் தானாகவே வடிவமைப்பாக மாற்றும் மார்க்டவுன் முறையில் இயங்கும் இடங்களில், ஒரு வரிக்கு நேர்கீழே காலி வரி விடாமல் இதைப் போட்டால், மேலே உள்ள அந்த வரி தலைப்பாக மாறிப் பெரிய எழுத்தில் நிற்கும். "அவள் எதுவும் பேசவில்லை" என்ற அடங்கிய வரி கொட்டை எழுத்தில் கத்துவதை ஒருமுறை பார்த்துவிட்டு நான் நட்சத்திரத்துக்கு மாறினேன். குறிக்கு மேலும் கீழும் ஒவ்வொரு காலி வரி விடுங்கள். வெளியிட்ட பிறகு உங்கள் கைப்பேசியில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

ஆனாலும் குறியை மட்டும் நம்ப முடியாது. எழுத்தளவைப் பெரிதாக வைத்துப் படிக்கும் முதியவருக்குக் குறி திரையின் அடிவிளிம்பில் விழலாம், ஒரே தள்ளலில் கடந்துபோகலாம். கண்ணால் படிக்காமல் குரல்வாசிப்பில் கேட்பவருக்கு அது மௌனமாகவே போய்விடலாம். குறி தவறினாலும் முதல் வாக்கியம் காப்பாற்ற வேண்டும்.

ஆறாம் படி: இடைவெளிக்குப் பிந்திய முதல் வாக்கியம்

இதுதான் நான் அதிகம் தவறு செய்த இடம். தமிழில் எழுவாயை விட்டுவிட்டு எழுதலாம். வினைமுற்றே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடும் என்ற தைரியம் நமக்கு. ஓடும் காட்சிக்குள் அது அழகு. இடைவெளிக்குப் பிறகு அது பொறி. என் பழைய பிரதி இப்படி இருந்தது:

"அவள் எதுவும் பேசவில்லை.

\* \* \*

ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே எதுவோ வேகமாகக் கடந்துபோயிற்று."

எந்த ஜன்னல்? வீட்டு ஜன்னலா, வங்கி ஜன்னலா? கண்ணை மூடியது செல்வியா, ஏஜென்டின் மனைவியா? எழுதும்போது எனக்குக் கவித்துவமாக இருந்தது. வாசகர் மூன்று வாக்கியம் இருட்டில் நடந்தார். திருத்தியது:

"குன்னூர் பஸ்ஸில் செல்விக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தபோது மணி பதினொன்று ஆகியிருந்தது."

இடம், ஆள், இருப்பு, நேரம் எல்லாம் ஒரே வாக்கியத்தில். இதில் இலக்கியம் ஒன்றும் இல்லை என்று ஒரு நண்பர் குறைபட்டார். உண்மைதான். இலக்கியத்துக்கு இரண்டாவது வாக்கியம் இருக்கிறது. முதல் வாக்கியத்தில் பெயரும் இடமும், முடிந்தால் முதல் நான்கைந்து சொல்லுக்குள். உறவுச் சொல் வந்தால் பெயரையும் சேர்த்துக் கட்டுங்கள்: "செல்வி அத்தை".

ஏழாம் படி: அத்தியாயத்தை எங்கே வெட்டுவது

காட்சி இடைவெளிக்கும் அத்தியாய முடிவுக்கும் உள்ள வேறுபாடு, நடுவில் போகும் நேரம்தான். முன்னதில் ஒரு மூச்சு. பின்னதில் ஒரு வாரம். ஒரு வாரத்துக்குப் பிறகும் நினைவில் நிற்கக்கூடிய ஒன்றை வாசகர் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.

"கதவு தட்டப்பட்டது. திறந்தவள் உறைந்துபோனாள்... தொடரும்" என்ற வகையை எல்லோரும் அறிவோம். அடுத்த வாரம் பார்த்தால் பால்காரர். இதை இரண்டு முறை செய்யலாம். மூன்றாவது முறை வாசகர் நம் கதவையே தட்டமாட்டார். இதில் இன்னொரு சங்கடமும் உண்டு: "உறைந்துபோனாள்" என்ற உணர்ச்சி ஒரு வாரத்தில் ஆறிவிடும். எதற்காக உறைந்தாள் என்பது தெரியாததால் நினைத்துப் பார்க்கவும் வாசகரிடம் எதுவும் இருக்காது.

விடையைக் கொடுத்துவிட்டு, அந்த விடை கிளப்பும் புதிய கேள்வியில் வெட்டுங்கள். பதினோராம் அத்தியாயத்தைப் பிரித்த மூன்றில், எடை ஏன் குறைந்தது என்பது முதலாவதன் கேள்வி. ஏஜென்ட் கணக்கு நோட்டைத் திருப்பிக் காட்டுவதற்கு முன்னால் வெட்டுவது பழைய பாணி. நான் நோட்டைக் காட்டிவிட்டு வெட்டினேன். கடைசி வாக்கியம்:

"முன்பணம் என்று எழுதியிருந்த வரியின் எதிரே, பள்ளிக்கூட நாளிலிருந்தே மாறாத அந்தச் சாய்ந்த எழுத்தில், அண்ணன் கையெழுத்துப் போட்டிருந்தார்."

இப்போது வாசகரிடம் ஒரு பொருள் இருக்கிறது: நோட்டு, கையெழுத்து. "அண்ணன் ஏன் வாங்கினார்?" என்று எடைக் கொட்டகையில் நிற்கும்போது அவர் யோசிக்கலாம், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லலாம்.

அடுத்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் முன்கதைச் சுருக்கம் போடுவதைவிட, அதே பொருளைத் தொட்டுத் தொடங்குங்கள். "அந்த நோட்டை மூடாமலே செல்வி கேட்டாள்: 'எப்போது வாங்கினார்?'" என்று தொடங்கினால் மறந்தவருக்கும் நினைவு வந்துவிடும், மறக்காதவருக்கும் சலிக்காது.

மறு அடுக்கு

பதினோராம் அத்தியாயம் கடைசியில் இப்படிப் பிரிந்தது.

முதலாவது: விடியல் 240 சொல்லிலிருந்து 110 ஆயிற்று, கொட்டகையின் 560 அப்படியே, ஏஜென்ட் வீட்டின் முதல் 200. ஆக 870. இடைவெளி இல்லை. கொட்டகையிலிருந்து ஏஜென்ட் வீட்டுக்குப் போவதை அவர்கள் பேசிக்கொண்டே நடக்கும் நடையாக மாற்றினேன்.

இரண்டாவது: ஏஜென்ட் வீட்டின் மீதி 410, ஓர் இடைவெளி, பஸ்ஸும் வங்கியும் 300, பஸ்ஸுக்குள் அப்பாவின் நினைவு 120. ஆக 830. பாஸ்புக்கில் அந்தத் தொகை இல்லாததில் முடிகிறது.

மூன்றாவது: மீனாவின் கண்ணில் இரவு 550, அப்பாவின் மருத்துவமனைக் கடனை அந்தப் பணத்தில்தான் அடைத்தேன் என்று அண்ணன் சொல்லும் 200. ஆக 750. இடைவெளி இல்லை. முதல் வாக்கியம்: "செல்வி அத்தை செருப்பைக் கழற்றாமலே வீட்டுக்குள் வந்ததை மீனா முதன்முறையாகப் பார்த்தாள்."

வெட்டியெறிந்தது 190 சொல் மட்டுமே: பனியில் 130, நினைவோட்டத்தில் 60. இடைவெளிகள் ஐந்திலிருந்து ஒன்றாகின. பனி போனதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

எட்டாம் படி: சரியாக வந்ததா என்று பார்ப்பது

"நன்றாக இருக்கிறது" என்று சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கதையை அறியாத ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, விரலைப் பாருங்கள். இடைவெளிக்குப் பிறகு விரல் எதிர்த்திசையில் திரும்பினால் முதல் வாக்கியத்தில் பிழை. காட்சி நடுவில் திரும்பினால் பேசுபவர் யார் என்பது குழம்பியிருக்கிறது. எங்கும் திரும்பாமல், ஆனால் வேகமாகத் தள்ளிக்கொண்டு போனால் அது வருணனை நீண்ட இடம். அங்கே இடைவெளி போட்டுப் பயனில்லை, குறைக்கத்தான் வேண்டும்.

இன்னொரு சோதனை, படிப்பவரை நடுவில் நிறுத்துவது. 400 சொல் அளவில் ஏதாவது வேலை சொல்லி எழுப்பிவிட்டு, மறுநாள் அதே இடத்திலிருந்து தொடரச் சொல்லுங்கள். ஒரு திரை மேலே போய்ப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தால் சரி. அத்தியாயத்தின் தொடக்கத்துக்கே போனால், நடுவில் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை என்று பொருள். ஒவ்வொரு 200 சொல்லுக்கும் ஒருமுறையாவது ஆளின் பெயரும், கையில் பிடிக்கத்தக்க ஒரு பொருளும் வரும்படி செய்தால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். தராசு, நோட்டு, பாஸ்புக் ஆகியவை என் கதையில் அந்த வேலையைத்தான் செய்தன.

இந்தக் கணக்கு பொருந்தாத இடங்கள்

ஒரே அறையில் இருவர் பேசித் தீர்க்கும் காட்சி 1,300 சொல் போனாலும் விட்டுவிடுங்கள். பேச்சு தன் வேகத்தில் படிக்கவைக்கும். நடுவில் வெட்டினால் கோபம் ஆறிப்போகும். தொடரின் கடைசி அத்தியாயத்துக்கும் அளவு பார்க்க வேண்டாம். அதற்கு வாசகர் நேரம் ஒதுக்கிக்கொண்டுதான் வருவார்.

பிற்பாடு அச்சுப் புத்தகமாகப் போடும்போது 800 சொல் அத்தியாயங்கள் இரண்டு மூன்று பக்கத்தில் முடிந்து, துண்டு துண்டாகத் தெரியும். அப்போது ஒரு நாளில் நடப்பவற்றைச் சேர்த்து மூன்றை ஒன்றாக்கலாம். அத்தியாய முடிவு இருந்த இடத்தில் ஒரு காலி வரி விட்டாலே போதும். "அந்த நோட்டை மூடாமலே" போன்ற நினைவூட்டும் தொடக்கங்களை அங்கே தேடி எடுத்துவிடுங்கள், தாளில் அவை கூறியது கூறலாகிவிடும். இதற்காகவே ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்க வாக்கியத்தையும் தனி நிறத்தில் குறித்து வைத்திருக்கிறேன். விடியல் காட்சியின் 130 சொல்லும் அதே கோப்பின் அடியில் இருக்கிறது. புத்தகம் வரும்போது அந்தப் பனியை மீண்டும் உள்ளே விட்டுவிடலாம்.